எஸ்.ஜே.எஃப்: காத்திருப்பைக் குறைப்பதில் முதலிடம், நடைமுறையில் ஏன் இடமில்லை? பர்ஸ்ட் கணிப்பு பற்றிய கேள்வி பதில்கள்

மிகக் குட்டையான வேலையை முதலில் ஓட்டும் எஸ்.ஜே.எஃப் தான் சராசரி காத்திருப்பை மிகக் குறைக்கும் என்று எல்லாப் பாடப் புத்தகத்திலும் ஒரு வரி இருக்கிறது. நிரூபணம் எங்கே?

அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வேலைகளை இடம் மாற்றிப் பாருங்கள். நிரூபணம் அவ்வளவுதான்.

நான்கு புராசஸ்கள் ஒரே நேரத்தில் தயார் வரிசைக்கு வந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். க-வுக்கு 9 மில்லி விநாடி சிபியு வேண்டும், ச-வுக்கு 2, ட-வுக்கு 5, த-வுக்கு 1. வந்த வரிசையிலேயே ஓட்டினால் க உடனே தொடங்கும், ச 9 மில்லி விநாடி காத்திருக்கும், ட 11, த 16. கூட்டினால் 36, சராசரி 9.

இப்போது முதல் இரண்டை மட்டும் மாற்றுவோம். ச முன்னால் போவதால் அதன் காத்திருப்பு 9 குறைகிறது. க பின்னால் போவதால் அதற்கு 2 கூடுகிறது. பின்னால் நிற்கும் ட-வுக்கும் த-வுக்கும் இந்த மாற்றம் தெரியவே தெரியாது, ஏனென்றால் அவர்களுக்கு முன்னால் ஓடவேண்டிய மொத்தம் இன்னும் 11 தான். ஆக நிகர லாபம் 7. மொத்தம் 36-லிருந்து 29 ஆகிறது. நெட்டை முன்னாலும் குட்டை பின்னாலும் அடுத்தடுத்து நிற்கும் எந்த ஜோடியை மாற்றினாலும் இதே கதைதான். லாபம் எப்போதும் இரண்டின் வித்தியாசம். க-வையும் ட-வையும் மாற்றினால் 4, க-வையும் த-வையும் மாற்றினால் 8, ட-வையும் த-வையும் மாற்றினால் 4, கடைசியாக ச-வையும் த-வையும் மாற்றினால் 1. மொத்தம் 25, 17, 13, 12 என்று இறங்கி வருகிறது. 12-க்குக் கீழே போக வழியில்லை, ஏனென்றால் மாற்றினால் லாபம் தரும் ஜோடி இனி எதுவும் மிச்சமில்லை. அப்போது வரிசை த, ச, ட, க. அதாவது ஏறுவரிசை, அதாவது எஸ்.ஜே.எஃப். சராசரி 3.

எந்த வரிசையிலிருந்து தொடங்கினாலும் இப்படிப் படிப்படியாக இறங்கி இதே இடத்துக்குத்தான் வந்து சேரும். ஏறுவரிசை அல்லாத எந்த வரிசையிலும் நெட்டை முன்னால் நிற்கும் அடுத்தடுத்த ஜோடி ஒன்றாவது இருந்தே தீரும், அதனால் அது சிறந்த வரிசையாக இருக்க முடியாது. இந்த வாதம் ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்காகப் பிறந்ததும் அல்ல. 1956-இல் டபிள்யூ. இ. ஸ்மித் தொழிற்சாலை எந்திரத்தில் வேலைகளை வரிசைப்படுத்துவது பற்றி எழுதியபோது, முக்கியத்துவ எடையோடு சேர்த்தே இதைச் சொல்லிவிட்டார். நம் ஆட்கள் அதைக் கடன் வாங்கிக்கொண்டார்கள்.

எந்த வரிசையில் ஓட்டினாலும் கடைசி வேலை 17-ஆம் மில்லி விநாடியில்தானே முடிகிறது? அப்புறம் லாபம் எங்கிருந்து வருகிறது?

சிபியு செய்யும் வேலையில் லாபம் இல்லை, அது 17 தான். முதலில் ஓடும் வேலையின் நீளம் பின்னால் நிற்கும் மூன்று பேருக்கும் காத்திருப்பாகச் சேர்கிறது. இரண்டாவதின் நீளம் இருவருக்கு, மூன்றாவதின் நீளம் ஒருவருக்கு, கடைசியின் நீளம் யாருக்கும் இல்லை. மூன்று மடங்காக எண்ணப்படும் இடத்தில் 9-ஐ வைப்பதா 1-ஐ வைப்பதா என்பதுதான் கேள்வி. ஜெராக்ஸ் கடையில் முந்நூறு பக்க ஆய்வேட்டோடு நிற்பவரை ஓரமாக நிறுத்திவிட்டு, ஒரு பக்க ஆதார் நகலுக்கு வந்தவரை முதலில் அனுப்பும் கடைக்காரர் இந்தக் கணக்கைத்தான் போடுகிறார்.

எல்லா வேலையும் ஒரே நேரத்தில் வருவதில்லையே. அப்போதும் இது செல்லுமா?

அப்படியே செல்லாது. தேர்வில் பலர் விழும் குழி இது.

க-வுக்கு 10 மில்லி விநாடி வேண்டும், 0-வில் வருகிறது. ச-வுக்கு 1 போதும், 1-இல் வருகிறது. ஓடுவதை இடையில் நிறுத்தக்கூடாது என்ற விதியோடு எஸ்.ஜே.எஃப் ஓட்டினால், 0-வில் வரிசையில் இருப்பது க மட்டும்தான், அதை எடுத்துவிடும். ச 9 காத்திருக்கும், மொத்தம் 9. ஆனால் சிபியுவை ஒரு மில்லி விநாடி சும்மா வைத்திருந்து ச-வை முதலில் ஓட்டியிருந்தால் ச-வுக்கு 0, க-வுக்கு 2, மொத்தம் 2 தான். சும்மா இருப்பது லாபமாகும் விசித்திரம். ஆனால் ச வரப்போகிறது என்று யாருக்குத் தெரியும்? வருகை நேரங்களை எல்லாம் முன்கூட்டியே கொடுத்துவிட்டாலும்கூட, இடையில் நிறுத்தாமல் சிறந்த வரிசையைக் கண்டுபிடிப்பது வேகமான வழி எதுவும் தெரியாத என்.பி-கடினமான கணக்கு என்று 1977-இல் நிறுவப்பட்டுவிட்டது.

இடையில் பிடுங்கலாம் என்று அனுமதித்தால் சிக்கல் ஆச்சரியமாக எளிதாகிவிடுகிறது. ஒவ்வொரு கணத்திலும் யாருக்கு மீதம் குறைவோ அவருக்குக் கொடு. இதுதான் எஸ்.ஆர்.டி.எஃப். மேலே உள்ள உதாரணத்தில் க ஒரு மில்லி விநாடி ஓடும், ச வந்ததும் விலகும், பிறகு தொடரும். மொத்தக் காத்திருப்பு 1. வேலைகள் எப்போது வந்தாலும் ஒரே சிபியுவில் இதுதான் சிறந்தது என்பதை லைனஸ் ஷ்ராஜ் 1968-இல் நிறுவினார். வருங்காலத்தைப் பற்றி எதுவும் தெரியாமலேயே இதைச் செய்ய முடிகிறது என்பதைக் கவனியுங்கள். தெரியவேண்டியது ஒன்றே ஒன்றுதான்: இப்போது வரிசையில் இருப்பவர்களுக்கு இன்னும் எவ்வளவு மீதம்.

ஆனால் எல்லாம் சிக்குவது அந்த ஒன்றில்தான்.

சரி, இவ்வளவு நல்லதென்றால் ஏன் யாரும் பயன்படுத்துவதில்லை?

ஒரு புராசஸ் சிபியுவைப் பிடித்தது முதல் தானாக விடும் வரை, அதாவது டிஸ்க்கிலிருந்தோ நெட்வொர்க்கிலிருந்தோ கீபோர்டிலிருந்தோ எதையாவது எதிர்பார்த்துத் தூங்கப்போகும் வரை, செலவாகும் சிபியு நேரத்தைத்தான் பர்ஸ்ட் என்கிறோம். அதை ஓட்டிப் பார்க்காமல் அறிய வழியில்லை. ஒரே நிரல், ஒரே கணினி என்றாலும் உள்ளே வரும் டேட்டா மாறினால் பர்ஸ்ட் மாறும். சர்ச் பெட்டியில் முதல் எழுத்தை அடித்தபோது ஒரு லட்சம் வரிகளை வடிகட்டிய நிரல், நான்காவது எழுத்துக்கு இருபது வரிகளை மட்டும் பார்க்கும். கேஷில் டேட்டா இருந்ததா இல்லையா என்பதே நேரத்தைப் பல மடங்கு மாற்றிவிடும். பொதுவாக எந்த நிரலையும் படித்துப் பார்த்து அது எப்போது நிற்கும் என்று சொல்லிவிட முடியாது என்பது டூரிங் காலத்துச் செய்தி. ஆனால் அவ்வளவு தூரம் போகத் தேவையே இல்லை, உள்ளீடு தெரியாதது ஒன்றே போதும்.

இரண்டாவது தடை பட்டினி. 9 மில்லி விநாடி வேலை ஒன்று நிற்கிறது. 2 மில்லி விநாடி வேலைகள் சரியாக 2 மில்லி விநாடிக்கு ஒன்றாக வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் அவற்றில் ஒன்றுதான் ‘மிகக் குட்டை’. 9 மில்லி விநாடி வேலை என்றைக்குமே ஓடாது. சராசரி மிக நன்றாக இருக்கும். அந்த ஒருவருக்கு மட்டும் கணினி செத்துவிட்டது. இதற்கு மருந்து உண்டு: காத்திருக்கும் ஒவ்வொரு கணத்துக்கும் முன்னுரிமையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போவது. ஆனால் ஏற்ற ஏற்ற அது எஸ்.ஜே.எஃப் ஆக இருப்பதில்லை, சிறந்தது என்ற பட்டமும் போய்விடுகிறது. என் கணக்கில் பட்டினியை முதல் காரணமாகச் சொல்வது தவறு. அதைச் சரிசெய்யலாம், விலை கொஞ்சம்தான். நீளம் தெரியாததைத்தான் சரிசெய்ய முடியாது. ஊகிக்க மட்டுமே முடியும்.

வேலையைக் கொடுப்பவரிடமே எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டுவிட்டால்?

பெரிய கணக்குகளைத் தொகுதியாக ஓட்டும் சூப்பர்கம்ப்யூட்டர்களில் அப்படித்தான் நடக்கிறது. வேலைகளை வரிசைப்படுத்த ஸ்லர்ம் என்ற மென்பொருளைப் பயன்படுத்தும் கிளஸ்டரில் வேலையைக் கொடுக்கும்போதே இப்படி எழுதுகிறோம்:

```bash
#SBATCH --time=02:00:00
```

குறைவாகச் சொன்னால் சீக்கிரம் இடம் கிடைக்கும் வாய்ப்பு உண்டு. பெரிய வேலை ஒன்றுக்காக ஒதுக்கி வைத்திருக்கும் இடைவெளியில் சின்ன வேலைகளைச் செருகும் முறை அங்கே இருக்கிறது. அப்படியானால் எல்லோரும் பத்து நிமிடம் என்று பொய் சொல்ல மாட்டார்களா? மாட்டார்கள், ஏனென்றால் சொன்ன நேரம் தாண்டினால் வேலை கொல்லப்படும். அதனால் மக்கள் எதிர்ப்பக்கம் சாய்கிறார்கள். ஒரு மணி நேர வேலைக்கு நான்கு மணி நேரம் கேட்டு வைப்பார்கள். எண் கிடைக்கிறது, ஆனால் அது பர்ஸ்ட் அல்ல, பயத்தின் அளவு.

நிமிடங்களிலும் மணிகளிலும் ஓடும் வேலைக்கு இது பரவாயில்லை. விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை சிபியு கேட்கும் பிரவுசரிடம் ஒவ்வொரு முறையும் ‘எவ்வளவு’ என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அங்கே பழைய நடத்தையைப் பார்த்து ஊகிப்பது ஒன்றுதான் வழி.

அப்படி ஊகிக்கும் எக்ஸ்பொனென்ஷியல் ஆவரேஜ் ஃபார்முலா மனப்பாடம் ஆகிவிட்டது. அது உண்மையில் என்ன செய்கிறது?

முதலில் ஃபார்முலா:

```
τ(n+1) = α·t(n) + (1 − α)·τ(n)
```

`t(n)` இப்போது நிஜமாக நடந்த பர்ஸ்ட். `τ(n)` அதற்கு முன்பு நாம் சொல்லியிருந்த கணிப்பு. இதையே கொஞ்சம் மாற்றி எழுதினால் புரிவது எளிது:

```c
tau = tau + alpha * (t - tau);
```

`t - tau` என்பது நம் கணிப்பு எவ்வளவு தவறியது என்பது. தவறியதில் ஒரு பங்கை மட்டும் திருத்திக்கொள்கிறோம். எந்தப் பங்கு என்பதை ஆல்ஃபா சொல்கிறது. ஆல்ஃபா பாதி என்றால் பாதித் தவறைத் திருத்துவோம்.

ஒரு எடிட்டரை எடுத்துக்கொள்வோம். ஆள் தட்டச்சு செய்யும்போது 4 மில்லி விநாடி போலச் சின்னச் சின்னப் பர்ஸ்ட்கள். நடுவில் ஒரு பெரிய தேடலும் மாற்றமும் செய்கிறார், 20 போல மூன்று வருகின்றன. பிறகு மறுபடி தட்டச்சு. தொடக்கக் கணிப்பு 8, ஆல்ஃபா 1/2.

| பர்ஸ்ட் | கணிப்பு | நிஜம் | அடுத்த கணிப்பு |
|---|---|---|---|
| 1 | 8 | 4 | 6 |
| 2 | 6 | 4 | 5 |
| 3 | 5 | 3 | 4 |
| 4 | 4 | 20 | 12 |
| 5 | 12 | 20 | 16 |
| 6 | 16 | 20 | 18 |
| 7 | 18 | 4 | 11 |
| 8 | 11 | 4 | 7.5 |

முதல் மூன்று வரியில் கணிப்பு அழகாக இறங்கி நிஜத்தை ஒட்டி வருகிறது. நான்காவதில் முழுதாக ஏமாறுகிறது: 4 என்று நம்பி முன்னால் விட்டோம், 20 பிடித்துக்கொண்டது. ஏழாவதில் எதிர்ப்பக்கம் ஏமாற்றம்: 18 என்று நினைத்துப் பின்னால் தள்ளிவிட்டோம், வந்தது 4 தான். தட்டச்சு செய்பவருக்கு எழுத்து திரையில் வரத் தாமதமாவது இந்த ஏழாவது, எட்டாவது வரிகளில்தான். நடத்தை மாறும் இடத்தில் கணிப்பு எப்போதும் ஓரிரண்டு படி பின்னால்தான் வரும். இது ஃபார்முலாவில் உள்ள பிழை அல்ல. கடந்ததை மட்டும் பார்க்கும் எதற்கும் இதே கதிதான்.

விரித்து எழுதினால் கடைசிப் பர்ஸ்டுக்கு 1/2, அதற்கு முந்தையதற்கு 1/4, அதற்கு முந்தையதற்கு 1/8 என்று எடை பாதி பாதியாகக் குறைகிறது. கடைசி ஐந்து பர்ஸ்ட்களிடம் மட்டும் 31/32 பங்கு எடை இருக்கிறது, மற்றதெல்லாம் வெறும் 1/32. தொடக்கத்தில் நாம் குருட்டாம்போக்கில் வைத்த 8-உம் அப்படித்தான் கரைந்துபோகிறது. அதனால் தொடக்க எண்ணைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். இத்தனைக்கும் புராசஸுக்கு ஒரே ஒரு எண்ணைச் சேமித்தால் போதும், பழைய பர்ஸ்ட்களின் பட்டியல் எதுவும் தேவையில்லை. அடுத்து யார் ஓடுவது என்று முடிவுசெய்யும் ஷெட்யூலருக்குள் இருக்கும் எதுவும் இவ்வளவு மலிவாகத்தான் இருந்தாக வேண்டும்.

ஆல்ஃபாவை எவ்வளவு வைப்பது? எல்லோரும் ஏன் 1/2 வைக்கிறார்கள்?

தேர்வில் கணக்குப் போட எளிது என்பதால்தான். நிஜத்திலும் 1/2, 1/4, 1/8 போன்ற எண்களுக்கு ஒரு காரணம் உண்டு: பிட்களை நகர்த்தியே கணக்கிட்டுவிடலாம், பெருக்கல் தேவையில்லை.

ஆல்ஃபா 0 என்றால் எதையும் கற்றுக்கொள்ளாது. தொடக்க எண்ணே கடைசி வரை. ஆல்ஃபா 1 என்றால் போன தடவை நடந்ததே இந்தத் தடவையும் என்று நம்பும். நடுவில் எங்கே என்பது வேலையின் தன்மையைப் பொறுத்தது. மேலே உள்ள எடிட்டருக்கு 1/4 வைத்தால், மூன்று பெரிய பர்ஸ்ட் முடிந்த பிறகும் கணிப்பு 13.9 வரைதான் ஏறும், சரியாகப் பிடிக்கவே பிடிக்காது. ஆனால் எப்போதாவது ஒரே ஒரு பெரிய பர்ஸ்ட் வந்து போகும் வேலை என்றால் அந்த மந்தம்தான் நல்லது.

எந்த ஆல்ஃபாவும் உதவாத ஒரு வேலையும் உண்டு. 2, 20, 2, 20 என்று மாறி மாறி வருகிறது என்று வையுங்கள். ஒரு பாக்கெட்டைப் படி, அதைப் பிரித்துக் கணக்கிடு, மறுபடி படி என்று ஓடும் நிரல் இப்படித்தான் இருக்கும். ஆல்ஃபா 1/2 உடன் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் கணிப்பு இரண்டு எண்களுக்கு நடுவே ஊசலாடத் தொடங்கும். 2 முடிந்ததும் 8 என்று சொல்லும், 20 முடிந்ததும் 14 என்று சொல்லும். ஆனால் 2-க்குப் பின் வருவது 20, 20-க்குப் பின் வருவது 2! நெட்டைக்கு முன்னால் சின்ன எண்ணையும் குட்டைக்கு முன்னால் பெரிய எண்ணையும் சொல்லி, சரியாகத் தலைகீழாக ஊகிக்கிறது. ஆல்ஃபாவை 1 ஆக்கினால் இன்னும் மோசம். இந்த வேலைக்கு எப்போதும் 11 என்று சொல்லும் சாதாரணச் சராசரியே மேல்.

உங்கள் வேலை எந்த ரகம் என்று தெரிய வேண்டுமானால் பர்ஸ்ட்களைப் பதிவுசெய்து, பல ஆல்ஃபாக்களை வைத்து ஓட்டி, கணிப்புக்கும் நிஜத்துக்கும் உள்ள வித்தியாசத்தின் சராசரியைப் பாருங்கள். ‘எப்போதும் ஒரே சராசரி’ என்ற மொக்கைக் கணிப்பைவிட உங்கள் ஃபார்முலா மோசமாக இருந்தால், மாறி மாறி வரும் ஏதோ ஒரு ஒழுங்கு உள்ளே ஒளிந்திருக்கிறது என்று பொருள்.

கணிப்பு தவறினால் எவ்வளவு நட்டம்?

தவறிய அளவு முக்கியமில்லை, வரிசை மாறியதா என்பதே முக்கியம். முதல் உதாரணத்தில் 9 மில்லி விநாடி க-வை 30 என்று கணித்தாலும் அது கடைசியில்தான் நிற்கும், நட்டம் சுழி. 1-உம் 2-உம் இடம் மாறிவிட்டால் நட்டம் 1 மட்டும். நீளம் நெருங்கிய வேலைகளிடையேதான் வரிசை எளிதில் குழம்பும், அங்கே நட்டமும் சின்னது. பாதிக்குப் பாதி தவறும் கணிப்புகூட ஓரளவு நன்றாக வேலை செய்வதற்கு இதுதான் காரணம்.

ஆனால் இரண்டு வகைத் தவறும் சமமல்ல. நெட்டையைக் குட்டை என்று நம்பினால், உதாரணமாக க-வை 1-க்கும் குறைவு என்று எண்ணி முதலில் விட்டால், வரிசை க, த, ச, ட. காத்திருப்பு 0, 9, 10, 12. மொத்தம் 31. சரியான 12-க்குப் பதிலாக 19 கூடுதல். மாறாகக் குட்டையை நெட்டை என்று நினைத்து த-வைக் கடைசிக்குத் தள்ளினால் வரிசை ச, ட, க, த. மொத்தம் 25. 13 கூடுதல். முதல் தவறில் பின்னால் நிற்கும் எல்லோரும் 9-ஐச் சுமக்கிறார்கள். இரண்டாவதில் அடி த ஒருவருக்குத்தான். மற்ற மூவருக்கும் உண்மையில் ஒரு மில்லி விநாடி லாபமே. அதனால் சந்தேகம் வந்தால் அதிகமாகக் கணிப்பதே பாதுகாப்பு.

நானே சிமுலேட்டர் எழுதினேன். எஸ்.ஆர்.டி.எஃப் உடன் கணிப்பைச் சேர்த்ததும் முடிவு வினோதமாக வருகிறது. எங்கே தவறியிருக்கும்?

பெரும்பாலும் இரண்டு இடங்களில் ஒன்று.

முதலாவது, மீதம் எதிர்மறையாகப் போவது. மீதம் என்பது கணிப்பில் இருந்து இதுவரை ஓடியதைக் கழித்தது. கணிப்பு 4, ஆள் 20 ஓடப்போகிறவர் என்றால், 4 முடிந்ததும் மீதம் 0, பிறகு −1, −2 என்று போகும். ‘மிகக் குறைந்த மீதம்’ தேடும் நிரல் அவரையே திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுக்கும். யாரை முதலில் வெளியேற்றியிருக்க வேண்டுமோ அவர் அசைக்க முடியாதவர் ஆகிவிடுகிறார். கணிப்பைத் தாண்டியவரின் கணிப்பை இரட்டிப்பாக்குவது எளிய தீர்வு: 4 தாண்டியதும் 8, அதையும் தாண்டினால் 16.

இரண்டாவது இன்னும் நைசானது. புராசஸை இடையில் பிடுங்கும்போது அதுவரை ஓடியதைப் பர்ஸ்ட் என்று பதிவு செய்துவிடுவது. 20 மில்லி விநாடி வேலையை 2, 2, 2 என்று வெட்டி ஓட்டினால் ஒவ்வொரு வெட்டையும் பர்ஸ்டாக எண்ணி, கணிப்பு 2-க்கு இறங்கிவிடும். சிபியுவைத் தின்பவர் மிகக் குட்டையானவராகத் தெரிவார். பிடுங்கியபோது எண்ணைக் கூட்டி வையுங்கள்; புராசஸ் தானாகத் தூங்கப்போகும்போது மட்டும் `t` ஆக ஃபார்முலாவில் போடுங்கள். வரிசையில் நின்ற நேரத்தை அதில் சேர்க்கக்கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன், ஆனால் சுவர்க் கடிகாரத்தை வைத்து அளப்பவர்கள் அதைத்தான் சேர்த்துவிடுகிறார்கள்.

லினக்ஸ் பர்ஸ்டைக் கணிக்கிறதா?

வரிசைப்படுத்தக் கணிப்பதில்லை. 2007-இல் 2.6.23 பதிப்பில் வந்த சி.எஃப்.எஸ் ஷெட்யூலரும், 2023-இல் 6.6 பதிப்பில் அதன் இடத்துக்கு வந்த ஈ.ஈ.வி.டி.எஃப்-உம் பங்கைச் சமமாகப் பிரிப்பதைத்தான் இலக்காக வைத்திருக்கின்றன. கொஞ்சம் ஓடிவிட்டுத் தூங்கப்போகிறவருக்குக் கணக்கில் பாக்கி ஏறாததால், விழித்ததும் சீக்கிரம் இடம் கிடைக்கிறது. குட்டை வேலைகளுக்கு முன்னுரிமை என்ற பலன் கணிப்பு இல்லாமலேயே ஓரளவு வந்துவிடுகிறது.

இது பழைய யோசனை. 1962-இல் எம்.ஐ.டி-யில் கோர்பட்டோவின் குழு சி.டி.எஸ்.எஸ் என்ற நேரப் பகிர்வு சிஸ்டத்துக்காகப் பல மட்ட வரிசை முறையைக் கொண்டுவந்தது. ஒதுக்கிய நேரத்துக்குள் முடிக்காதவரைக் கீழ் மட்டத்துக்கு இறக்கு, அங்கே நீண்ட நேரம் கொடு. யார் நெட்டை என்று ஊகிப்பதில்லை. ஓடவிட்டு, மாட்டிக்கொண்டவரை இறக்குகிறது.

ஆனால் அந்த ஃபார்முலா லினக்ஸுக்குள் இருக்கிறது, வேறு வேலைக்காக. 2018-இல் 4.17 பதிப்பில் `util_est` என்ற பகுதி சேர்ந்தது. ஒரு டாஸ்க் தூங்கப்போகும்போதெல்லாம் அது சிபியுவை எவ்வளவு பயன்படுத்தியது என்பதை, ஆல்ஃபா 1/4 வைத்து, இதே எக்ஸ்பொனென்ஷியல் சராசரியில் சேர்க்கிறது. அடுத்து விழிக்கும்போது எந்தக் கோரில் போடுவது, சிபியு வேகத்தை எவ்வளவு ஏற்றுவது என்பதற்கு அந்த எண் போகிறது. பின்னர் அதில் ஒரு திருத்தமும் வந்தது: பயன்பாடு ஏறினால் கணிப்பு உடனே புதிய எண்ணுக்குத் தாவும், இறங்கும்போது மட்டும் மெதுவாக இறங்கும். மொபைலில் குறைவாகக் கணித்தால் திரை தடுமாறும். அதிகமாகக் கணித்தால் கொஞ்சம் பேட்டரி வீணாகும், அவ்வளவுதான்.

நிஜமாகவே எஸ்.ஜே.எஃப் போல ஓடியது எங்காவது உண்டா?

நீளம் முன்கூட்டியே தெரிந்த இடத்தில் உண்டு. வெப் சர்வர் ஒரு கோப்பை அப்படியே அனுப்ப வேண்டும் என்றால், கோப்பின் அளவு கையில் இருக்கிறது. கார்னகி மெலனில் மோர் ஹார்ச்சோல்-பால்ட்டரும் மற்றவர்களும் லினக்ஸில் ஓடும் அப்பாச்சி சர்வரை மாற்றி, மீதம் குறைந்த கோப்புக்கு நெட்வொர்க் வெளிவாசலில் முன்னுரிமை கொடுத்துப் பார்த்தார்கள், 2003-இல் வெளியிட்டார்கள். சராசரி நேரம் நன்றாகக் குறைந்தது. பெரிய கோப்புகள் பட்டினி கிடக்கும் என்று எதிர்பார்த்ததும் பெரிதாக நடக்கவில்லை. வெப்பில் பெரும்பாலான கோப்புகள் மிகச் சிறியவை, மொத்தச் சுமையில் பெரும்பங்கு மிகச் சில பெரிய கோப்புகளிடம். சிறியவை எல்லாம் முந்திக்கொண்டாலும் அவற்றின் மொத்தச் சுமை குறைவு என்பதால் பெரியவருக்கு அதிகம் கைநழுவவில்லை. அங்கே அவர்கள் வரிசைப்படுத்தியது சிபியுவை அல்ல, அனுப்பும் வழியை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பக்கத்தை உருவாக்க ஒரு ஸ்கிரிப்டை ஓட்டவேண்டிய கோரிக்கை என்றால் நீளம் மறுபடி மர்மம்தான்.

என் நிரலின் பர்ஸ்ட் எவ்வளவு என்று பார்க்க முடியுமா?

லினக்ஸில் இரண்டு வரி போதும். புராசஸ் எண் 4120 என்று வையுங்கள்.

```bash
cat /proc/4120/schedstat
grep ctxt /proc/4120/status
```

முதல் கட்டளை மூன்று எண்களைக் காட்டும்: சிபியுவில் ஓடிய நேரம், வரிசையில் காத்திருந்த நேரம், எத்தனை முறை ஓட வாய்ப்புக் கிடைத்தது. முதல் இரண்டும் நானோ விநாடியில். இரண்டாவது கட்டளை `voluntary_ctxt_switches`, `nonvoluntary_ctxt_switches` என்று இரண்டு எண்களைத் தரும். முதலாவது தானாக விட்டது, இரண்டாவது பிடுங்கப்பட்டது. ஓடிய நேரத்தைத் தானாக விட்ட எண்ணிக்கையால் வகுத்தால் சராசரிப் பர்ஸ்ட். ஓடியது 812000000, தானாக விட்டது 2030 முறை என்று காட்டினால் பர்ஸ்ட் 0.4 மில்லி விநாடி. பல திரெட்கள் உள்ள நிரல் என்றால் `/proc/4120/task/` உள்ளே ஒவ்வொரு திரெட்டுக்கும் தனித்தனியாகப் பாருங்கள், மேலே உள்ள கோப்புகள் முதன்மைத் திரெட்டின் கணக்கை மட்டும்தான் தரும்.

சராசரி போதாது, ஒவ்வொரு பர்ஸ்டும் வேண்டும் என்றால் ரூட் அனுமதியோடு `perf sched record` ஓட்டி, பிறகு `perf sched timehist` பாருங்கள். ஒவ்வொரு முறை சிபியு கைமாறும்போதும் ஒரு வரி வரும், கடைசிப் பத்தியில் `run time` மில்லி விநாடியில் இருக்கும். பிடுங்கப்பட்ட துண்டுகளும் அதில் தனித்தனி வரிகளாக வரும், அடுத்தடுத்த துண்டுகளை நீங்கள்தான் கூட்ட வேண்டும். அந்தப் பத்தியை எடுத்து மேலே சொன்ன ஃபார்முலாவில் 1/2, 1/4, 1/8 வைத்து ஓட்டினால், உங்கள் நிரலுக்கு எது எவ்வளவு தவறுகிறது என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.